காலையில் 5 டிகிரி, மாலையில் 30 டிகிரி: ஜனவரியில் ஊட்டிக்கு என்ன உடுத்திப் போவது?

ஜனவரி மாதம், விடிந்தும் விடியாத நேரம். ஊட்டியில் அப்போது குளிர் 5 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். சில நாள்களில் பள்ளமான இடங்களில் பூஜ்ஜியத்தையே தொட்டுவிடும். அதே நாள் மதியம் அதே ஊரில் 20 டிகிரி வெயில் அடிக்கும். சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறி மாலை நான்கு மணிக்கு மேட்டுப்பாளையத்தில் இறங்கினால் அங்கே 30 டிகிரி. ஒரே பகலுக்குள் 25 டிகிரி ஏறிவிடுகிறது. சென்னையில் அதே ஜனவரியில் விடியலுக்கும் மதியத்துக்கும் உள்ள வித்தியாசம் 8, 9 டிகிரிதான். கடல் பக்கத்தில் இருப்பதால் அங்கே இரவு அவ்வளவாகக் குளிர்வதில்லை, பகலும் அவ்வளவாகக் கொதிப்பதில்லை. அதனால் கடலோரத்துக்காரர்களுக்கு இப்படி ஒரு நாளுக்கு உடுத்திப் பழக்கமே இல்லை.

பழக்கமில்லாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை ஊட்டி பஸ் நிலையத்தில் அரை மணி நேரம் நின்றாலே பார்த்துவிடலாம். உள்ளே ஒரு மெல்லிய அரைக்கைச் சட்டை, அதற்கு மேல் நேரடியாக ஒரு தடித்த ஜெர்கின். காலை ஏழு மணிக்கு அது போதவில்லை. பத்து மணிக்கு அதுவே தாங்க முடியவில்லை. கழற்றினால் உள்ளே சட்டை வியர்வையில் ஒட்டிக்கிடக்கிறது. அந்த ஈரத்தில் காற்றுப் பட்டதும் உடம்பு நடுங்குகிறது, மறுபடியும் ஜெர்கினை மாட்டுகிறார்கள். நாள் முழுக்க இதே கதைதான். உடுப்பு குறைந்துபோனதால் வரும் தொல்லை அல்ல இது. ஒரே உடுப்பில் மொத்தக் குளிரையும் தடுக்கப் பார்த்ததால் வருவது.

மலையில் இந்த ஏற்றஇறக்கம் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது? வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் காற்றில் ஈரம் குறைகிறது, வானம் தெளிகிறது. பகலில் சூடேறிய தரை, இரவில் அந்தச் சூட்டை வானத்தை நோக்கி விட்டுவிடுகிறது. மேகமும் நீராவியும் இருந்தால் அதில் ஒரு பங்கைத் தரைக்குத் திருப்பி அனுப்பும். அவை இல்லாத இரவில் சூடு தங்குதடையின்றிப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவுகளில் வழிந்து பள்ளத்தில் தேங்கிவிடும். தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் போன்ற இடங்களில் புல் வெள்ளை வெளேரென்று உறைபனியில் கிடப்பது இதனால்தான். காற்று அசையாத விடியலில், மேலே சரிவில் இருக்கும் வீட்டைவிடக் கீழே பள்ளத்தில் இருக்கும் தோட்டம் அதிகம் குளிர்ந்திருக்கும். மலையில் உயரமான இடம்தான் எப்போதும் அதிகக் குளிர் என்று நினைத்துக்கொண்டு பள்ளத்துக்கு லேசாக உடுத்திப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

சூரியன் வந்ததும் எல்லாம் தலைகீழாகிறது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிது, தூசியும் ஈரமும் குறைவு, அதனால் வெயில் நேராகத் தைக்கும். நிழலில் நின்றால் ஸ்வெட்டர் வேண்டும். நாலு அடி தள்ளி வெயிலில் நின்றால் வேண்டாம். இரண்டு இடத்திலும் காற்றின் வெப்பநிலை ஒன்றுதான். அங்கிருந்து கீழே இறங்க இறங்க, ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிக்கு மேல் சூடு கூடும். மேட்டுப்பாளையம் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் கீழே இருக்கிறது. மதியம் ஊட்டியில் இருந்த 20 டிகிரி அங்கே 30ஐத் தாண்டுவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

ஆனால் வெளியே எத்தனை டிகிரி என்பதை மட்டும் வைத்து உடுத்த முடியாது. நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரின் உடல், பழைய 100 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெப்பத்தை வெளிவிடுகிறது. அவரே எழுந்து மேட்டில் வேகமாக நடந்தால் அது மூன்று, நான்கு மடங்காகிவிடும். அதனால் 8 டிகிரி குளிரில் நிற்கும்போது சரியாக இருக்கும் உடுப்பு, அதே 8 டிகிரியில் ஏறும்போது மிகையாகிவிடுகிறது. குளிர் ஒரு டிகிரிகூடக் குறையாமலேயே நமக்கு வியர்த்துவிடும். பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான். வெயில் ஏறிய பிறகு கழற்றிக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறார்கள். உடம்பு அதற்கு வெகுநேரம் முன்னாலேயே வியர்க்கத் தொடங்கியிருக்கும்.

அந்த வியர்வை எவ்வளவு பெரிய தொல்லை என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். நாம் உணவுக்குச் சொல்வது கிலோகலோரி, இது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மேடேறி வந்தவரின் பருத்தி பனியனில் 100 மில்லி வியர்வை ஊறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பனியன் அந்த அளவை எளிதாகப் பிடித்துக்கொள்ளும். அது முழுவதும் உலர 58 கிலோகலோரி வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் உடல் ஒரு மணி நேரத்தில் உண்டாக்கும் வெப்பமே 85 கிலோகலோரி அளவுதான். அதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சமமான வெப்பம், ஒரு பனியனை உலர்த்துவதற்கு மட்டும் தேவைப்படுகிறது. அதில் பெரும்பகுதியை உடம்புதான் கொடுத்தாக வேண்டும். ஏறி முடித்து பெஞ்சில் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் முதுகு ஜில்லென்று ஆவது இதனால்தான். மேலே எவ்வளவு தடித்த ஜெர்கின் போட்டாலும், உள்ளே தோலோடு ஈரம் ஒட்டியிருக்கும்வரை அந்தக் குளிர் போகாது.

அதனால் இப்படிப்பட்ட ஒரு நாளின் நல்லது கெட்டதைத் தீர்மானிப்பது தோலோடு ஒட்டிய முதல் துணிதான் என்பது என் உறுதியான கருத்து. கடையில் நாம் அதிக நேரமும் அதிகப் பணமும் செலவழிப்பதோ மேலே தெரியும் கடைசித் துணிக்கு. பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும், உலர நேரமாகும். மேட்டுப்பாளையத்து வெயிலில் அது வரம். ஊட்டிக் குளிரில் சுமை. விளையாட்டு பனியன்கள் செய்யும் பாலியஸ்டர் நூல் ஈரத்தை உள்ளே இழுப்பதில்லை. ஈரம் இழைகளின் மேலே பரவி விரைவில் உலர்ந்துவிடும், நாற்றம் மட்டும் சீக்கிரம் வரும். மெல்லிய அசல் கம்பளி இரண்டையும்விட நல்லது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை நூலுக்குள் வாங்கிக்கொண்டும் தோலுக்கு ஈரமாகத் தெரியாது. ஆனால் விலை அதிகம், நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதும் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை மலைக்குப் போகிறவர் இதற்காகப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. இருக்கிற பருத்தி பனியனையே போட்டுக்கொண்டு, இன்னொன்றை உலர்ந்ததாகப் பையில் எடுத்துப்போனால் போதும். அது கைக்குட்டையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் இடம் பிடிக்கும். காலை ஏற்றம் முடிந்ததும் கழிப்பறைக்குப் போய் அதை மாற்றிக்கொண்டால், மீதி நாள் முழுக்க நிம்மதி.

பனியனுக்கு மேல் முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் முன்பக்கம் ஜிப்போ பட்டனோ உள்ள மெல்லிய ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றைத் தடுக்கும் விண்ட்சீட்டர். இந்த நான்கும் சேர்ந்து ஒரு தடித்த ஜெர்கின் தரும் கதகதப்பைத் தரும். குளிரைத் தடுப்பது நூல் அல்ல. நூலுக்கு இடையிலும் துணிக்கும் துணிக்கும் இடையிலும் அசையாமல் நிற்கும் காற்று. நான்கு மெல்லிய துணி என்றால் நடுவில் மூன்று காற்று அடுக்கு, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழற்றலாம். இவை இறுக்கமாக இருந்தால் பயனில்லை. ஒன்றன் மேல் ஒன்று போட்டுவிட்டுக் கைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள். அக்குளில் பிடித்து இழுத்தால் காற்றுக்கு இடமில்லை என்று அர்த்தம். ஸ்வெட்டருக்கு ஒரு அளவு பெரிதாக எடுப்பது இதற்காகத்தான். தலைவழியே மாட்டும் ஸ்வெட்டரை இப்படிப்பட்ட நாளுக்குத் தவிர்த்துவிடலாம். அதை முழுதாகப் போட்டிருக்கலாம் அல்லது முழுதாகக் கழற்றலாம், நடுவில் வேறு வழி கிடையாது. ஜிப் உள்ளதைப் பாதி இறக்கினாலே கழுத்து வழியாகச் சூடு வெளியேறும்.

விண்ட்சீட்டர் பார்ப்பதற்குத் தாள் மாதிரி இருக்கும், எடை கால் கிலோகூட வராது. இதைப் போட்டு என்ன குளிர் அடங்கும் என்று தோன்றும். ஆனால் ஸ்வெட்டரின் இழைகளில் நிற்கும் காற்றை வெளிக்காற்று கலைத்துவிடாமல் காப்பது அதுதான். இரு சக்கர வண்டியில் போகிறவர்களுக்கு இது கட்டாயம். 10 டிகிரி குளிரில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், திறந்திருக்கும் தோலுக்கு அது 6 டிகிரி போலத் தெரியும் என்று வானிலையாளர்களின் கணக்கு சொல்கிறது. விண்ட்சீட்டர் இல்லாமல் மாட்டிக்கொண்டால், ஒரு நாளிதழை மடித்துச் சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே மார்பில் வைத்துக்கொள்ளலாம். நன்றாகவே தாங்கும்.

இனி ஒரு நாளை எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் பார்ப்போம். மதுரையிலிருந்து வந்து ஊட்டியில் இரவு தங்கிய ஒரு குடும்பம். கணவன், மனைவி, கணவரின் அம்மா, மூன்று வயதுக் குழந்தை. காலை ஆறரைக்கு உறைபனி பார்க்கத் தலைக்குந்தா போகிறார்கள். அங்கே நின்று பார்ப்பதுதான் வேலை, நடை கிடையாது. அதனால் நான்கு அடுக்கும் வேண்டும். காதையும் கழுத்தையும் மூட மப்ளர் அல்லது மங்கி குல்லா, கைக்கு உறை. உடம்பின் வெப்பத்தில் பாதி தலை வழியாகப் போகிறது என்று சொல்வது சரியல்ல. தலையின் பரப்புக்குத் தக்கபடி பத்தில் ஒரு பங்கு அளவுதான் அங்கே போகிறது. ஆனால் முகமும் காதும் கழுத்தும் குளிரை அதிகமாக உணரும் இடங்கள். அவற்றை மூடினாலே உடம்பு முழுதும் கதகதப்பானது போலிருக்கும். வேண்டாதபோது சட்டைப்பைக்குள் போய்விடும் என்பதால், தடித்த ஜெர்கினைவிட மப்ளர் ஏற்ற துணை.

எட்டரைக்கு டிபன். ஹோட்டலுக்குள் மப்ளரும் விண்ட்சீட்டரும் பைக்குள் போக வேண்டும். சூடான பொங்கலும் காபியும் வயிற்றுக்குள் போகும்போது ஸ்வெட்டரின் ஜிப்பையும் திறந்துவிட வேண்டும். ஒன்பதரைக்குத் தாவரவியல் பூங்கா. பூங்கா சரிவில் அமைந்தது, வாசலிலிருந்து உள்ளே போகப் போக மேடுதான். முக்கியமான முடிவை எடுக்க வேண்டிய இடம் இந்த வாசல். அப்போது 11, 12 டிகிரி இருக்கும், ஸ்வெட்டரைக் கழற்ற மனம் வராது. கழற்றிவிட வேண்டும். பனியனும் முழுக்கைச் சட்டையும் மட்டும் போட்டு நடக்கத் தொடங்கினால் முதல் ஐந்து நிமிடம் லேசாகக் குளிரும். அந்தக் குளிர்தான் சரியான அளவு உடுத்தியிருப்பதற்கு அடையாளம். வாசலிலேயே சுகமாக இருந்தால் பாதி மேட்டில் வியர்க்கும். சந்தேகமாக இருந்தால் பின்கழுத்தில், சட்டைக் காலருக்குக் கீழே விரலை விட்டுப் பார்க்கலாம். உலர்ந்தும் வெதுவெதுப்பாகவும் இருந்தால் சரி. பிசுபிசுப்பு தட்டினால் ஒரு அடுக்கு கூடுதல். மேலே போய் உட்கார்ந்ததும், குளிரும்வரை காத்திருக்காமல் உடனே ஸ்வெட்டரை மாட்டிவிட வேண்டும். நடக்கும் முன் கழற்றுவது, நின்றதும் போடுவது. நம் பழக்கம் இதற்கு நேர் எதிர்.

பதினொன்றரைக்கு வாடகை வண்டியில் தொட்டபெட்டா. 2,637 மீட்டர் உயரம், வெயில் நன்றாக அடிக்கும், காற்றும் வீசும். இங்கே ஸ்வெட்டரை விட விண்ட்சீட்டர்தான் உதவும், சட்டைக்கு மேல் நேரடியாகப் போட்டால் போதும். முழுக்கைச் சட்டையின் கையை மடிக்காதீர்கள். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடும். குளிர்ந்த காற்றில் வெயில் சுடுவது தெரியாமலேயே தோல் கறுத்து எரிந்துவிடும். ஒரு மணிக்குச் சாப்பாடு. அப்போதே பனியனை மாற்றிக்கொள்ளலாம். கழற்றிய ஈர பனியனைத் தனி கவரில் போட வேண்டும், இல்லாவிட்டால் பையில் இருக்கும் ஸ்வெட்டரும் ஈரமாகும்.

இரண்டரைக்குக் கீழே இறங்கும் பஸ். ஏறும் முன் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவது நல்லது. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வருகிறவர்களுக்குப் புழுக்கம் சேர்ந்தால் குமட்டல் இன்னும் அதிகமாகும். குன்னூர் தாண்டி பர்லியாறு வரும்போது காற்றே மாறிவிடும், பலாவும் பாக்கும் தெரியத் தொடங்கும். மேட்டுப்பாளையத்தில் இறங்கும்போது உடம்பில் பருத்திச் சட்டை மட்டும் மிச்சமிருக்க வேண்டும். ஷூவுக்குள் காலையிலிருந்து ஊறிய சாக்ஸைக் கழற்றிவிட்டுச் செருப்புக்கு மாறினால், 30 டிகிரியிலும் பாதி வெக்கை குறைந்தது போலிருக்கும்.

இதில் பலரும் யோசிக்காத ஒன்று, கழற்றியதை எங்கே வைப்பது என்பது. நாலு பேரின் ஸ்வெட்டரும் விண்ட்சீட்டரும் சேர்ந்தால் ஒரு முழுப் பை. காலையில் புறப்படும்போதே பை நிரம்பியிருந்தால் யாரும் எதையும் கழற்ற மாட்டார்கள், சுமக்க வேண்டுமே என்று போட்டுக்கொண்டே வியர்ப்பார்கள். காலையில் முக்கால்வாசி காலியாக இருக்கும் ஒரு பையோடு புறப்படுவதும் உடுத்தும் முறையில் ஒரு பகுதிதான்.

கால் விஷயம் தனி. கால்சட்டைக்குள் தெர்மல் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள் பதினோரு மணிக்கு அதைக் கழற்ற இடம் தேடி அலைகிறார்கள். மேலுடுப்பைச் சாலையோரத்தில் கழற்றலாம், உள்ளே போட்ட கால் உடுப்பை முடியாது. பகலில் இறங்கிவிடப் போகிற நாளில் தெர்மலைத் தவிர்த்து, கனமான சாக்ஸும் மூடிய ஷூவும் போட்டாலே காலுக்குப் போதும். சேலை கட்டுகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பாவாடையும் சேலை மடிப்பும் சேர்ந்து இடுப்புக்குக் கீழே தாமாகவே பல அடுக்காகிவிடும். இடுப்பும் கையும்தான் திறந்திருக்கும். முழங்கை வரை வரும் ரவிக்கை, முன்பக்கம் பட்டன் வைத்த நீளமான ஸ்வெட்டர், மேலே ஒரு சால்வை என்றால் போதும். சுடிதார் போடுகிறவர்களுக்குத் துப்பட்டாவுக்குப் பதில் சால்வையே பாதி வேலையைச் செய்துவிடும்.

சால்வையைப் பற்றி நீலகிரிக்காரர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். தோடர்களின் பூத்துக்குளி, கறுப்பும் சிவப்புமாகப் பூவேலை செய்த கனத்த வெள்ளைப் பருத்திப் போர்வை. 2013இல் அந்தப் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அழகுக்காகப் பலரும் அதைப் பாராட்டுகிறார்கள், ஆனால் உடுப்பாகவும் அது கெட்டிக்காரத்தனமானது. விடியலில் கழுத்திலிருந்து முழங்கால் வரை இழுத்து மூடலாம், வெயில் ஏறினால் ஒரு தோளை விடுவிக்கலாம், இன்னும் ஏறினால் மடித்துத் தோளில் போடலாம். ஜிப்பும் பட்டனும் இல்லாமலேயே நொடிக்கு நொடி மாற்றிக்கொள்ள முடிகிற உடுப்பு. கேரட் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களையும் கவனித்துப் பாருங்கள். காலையில் தலையில் குல்லா, சட்டைக்கு மேல் பழைய ஸ்வெட்டர். மண்வெட்டியைக் கையில் எடுத்ததும் ஸ்வெட்டர் வேலியில் தொங்கும். வேலை நின்றதும் மறுபடி உடம்புக்கு வந்துவிடும்.

குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. தூக்கிக்கொண்டு போகும் குழந்தை நடப்பதில்லை, அதனால் அதன் உடம்பில் நடையின் சூடு இல்லை. தூக்குகிற அப்பாவுக்கு வியர்க்கிறதே என்று குழந்தையின் ஸ்வெட்டரைக் கழற்றிவிடக் கூடாது. கையும் காலும் ஜில்லென்று இருப்பதை வைத்தும் முடிவு செய்ய வேண்டாம், குழந்தைகளுக்கு அது இயல்பு. பின்கழுத்தையோ மார்பையோ தொட்டுப் பார்ப்பதுதான் சரி. வண்டியில் குழந்தை தூங்கிவிட்டால் எதிர்த் தொல்லை வரும். கீழே இறங்க இறங்கச் சூடு கூடுவது அதற்குத் தெரியாது, குல்லாவையும் ஸ்வெட்டரையும் நாம்தான் நினைவாகக் கழற்றிவிட வேண்டும். வயதானவர்களுக்குக் குளிரும் சூடும் தாமதமாகவே உறைக்கும், தாகமும் குறைவாகவே தெரியும். “எனக்கு ஒண்ணும் குளிரலப்பா” என்று அம்மா சொன்னாலும் கையைத் தொட்டுப் பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் இறங்கிய பிறகு “இருக்கட்டும்” என்று அவர் ஸ்வெட்டரோடே உட்கார்ந்திருந்தால் கழற்றவைத்து, தண்ணீர் கொடுங்கள்.

இங்கே சொன்னதெல்லாம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான தெளிந்த நாள்களுக்கு. ஜூலையில் ஊட்டியும் குளிரும்தான், ஆனால் மேகம் மூடியிருப்பதால் விடியலுக்கும் மதியத்துக்கும் ஆறேழு டிகிரிக்கு மேல் மாறாது, மழையும் காற்றும் விடாது. அப்போது போகிறவர்களுக்குக் கழற்றி மாட்டும் வேலை அதிகம் இருக்காது. நல்ல மழைக்கோட்டும், நனையாத ஷூவும், இரண்டு ஜோடி உலர்ந்த சாக்ஸும்தான் வேண்டும்.